யார் யார் உடனிருப்பார்கள்?

முதலிலேயே சத்தியம் செய்துவிடுவது நல்லது. இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. கற்பூரம் கைவசம் இல்லாததால் கொசுவத்திச் சுருளை அணைத்துச் சத்தியம். கொசுவத்தியானாலும் சத்தியம் சத்தியம்தான், புகைதான் கொஞ்சம் கூட வரும்.

பாலசுப்ரமணியன் கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் நிர்வாகப் பிரிவில் இருந்தார். அணுவை அவர் கண்ணால் கண்டதில்லை. அவர் கண்டதெல்லாம் கடிதம், நினைவூட்டல் கடிதம், நினைவூட்டலுக்கு நினைவூட்டல். ஒருமுறை டவுன்ஷிப்பில் ஒரு நாய் அவருடைய ஸ்கூட்டர் சீட்டைக் கடித்துவிட்டது. ஏழு நாளுக்குள் விளக்கம் தரும்படி நோட்டீஸ் எழுதி, ஸ்கூட்டர் பக்கத்தில் செங்கல் வைத்து அதன்மேல் ஒட்டினார். நாய் விளக்கம் தரவில்லை. எட்டாவது நாளிலிருந்து அந்தப் பக்கம் வரவும் இல்லை. அதிலிருந்து எழுத்தின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கை இன்னும் இறுகிப்போனது.

போன செப்டம்பரில் ரிட்டையர் ஆனார். குவார்ட்டர்ஸில் மேற்கொண்டு ஆறு மாதம் இருந்துகொள்ளலாம். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை தெய்வநாயகியின் முழங்காலுக்குத்தான். அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. "படி ஏறாதீங்கம்மா, ஏறினா இறங்க முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனவே தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

அந்த அவ்வளவுதான் கிடைக்கவில்லை. புதுப்பட்டினத்தில் பார்த்தார்கள்: இரண்டாவது மாடி. திருக்கழுக்குன்றத்தில் பார்த்தார்கள்: மாடிப்படி வெளியே சுருண்டு சுருண்டு போனது, குரங்குகளே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறின. மாமல்லபுரத்தில் தரைத்தளம் எல்லாம் வெள்ளைக்காரர்கள் படுத்துக்கொள்ள. மீதி ஊரில் தரைத்தளம் எல்லாம் கார் நிறுத்த. ஐந்து மாதத்தில் நாற்பத்தேழு வீடு பார்த்தார்கள். நாற்பத்தேழிலும் கார்தான் கீழே இருந்தது, மனுசன் மேலே இருந்தான்.

மார்ச் நான்காம் தேதி புரோக்கர் முனிசாமி போன் செய்தான்.

"சார், செங்கல்பட்டுல ஒரு வூடு கீது. ஏரிக்குப் போற ரோட்டுல. தனி வூடு, கீழ் வூடு, படியே கெடியாது. வாசல்ல ஒரே ஒரு படி, அதுகூட பாதிதான். ரெண்டு பெட்ரூம். பக்கத்துலயே பெரியாஸ்பத்திரி."

"ஓனர் யார்?"

"மதுராந்தகத்துல நெல் யாவாரம் பண்றாரு சார், சடையப்பன்னு. நைனா மாதிரி மனுசன். நான் பேசிட்டேன். எப்ப வேணா வரச் சொல்லு, சாவி என் கையில கீது, நானே தெறந்து காட்றேன்னாரு. நாளைக்குக் காலீல வர்றீங்களா?"

இந்த இடத்தில் 'வருகிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். பாலசுப்ரமணியன் சொல்லவில்லை.

"எப்ப வேணும்னாலும்னா என்னப்பா அர்த்தம்? அதுல நேரம் எங்க இருக்கு? கரண்ட் பில் யார் பேர்ல வருது?"

"அது... அவுங்க அப்பா பேர்ல சார். அவரு ரெண்டு வருசம் முன்ன தவறிட்டாரு."

"அப்ப வாரிசு எத்தனை பேர்?"

முனிசாமி கொஞ்சம் மூச்சு வாங்கினான். "மூணு சார். இவருதான் பெரியவரு. அடுத்தது ஒரு பொம்பள, சங்கரின்னு, மறைமலைநகர்ல கம்பெனில வேலை செய்யறாங்க. சின்னவரு ராஜாராம், முட்டுக்காட்டுல டூரிஸ்ட் போட்டு ஓட்டறாரு. ஆனா சார், பெரியவரு சொன்னா போதும். நீங்க சும்மா வந்து பாருங்க."

"சும்மா வந்து பார்க்கறதுக்கு அது என்ன மிருகக்காட்சி சாலையா? மூணு பேர் நம்பரையும் அனுப்பு."

முனிசாமி அனுப்பினான். வாழ்க்கையில் அவன் செய்த தப்பு நிறைய. அதில் வருத்தப்பட்டது இதற்கு மட்டும்தான் என்று பின்னால் பல பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் தெய்வநாயகி காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்க, பாலசுப்ரமணியன் கண்ணாடி போட்டு உட்கார்ந்து வாட்ஸப்பில் எழுதினார்.

"பொருள்: வாடகை வீடு பார்வையிடல் – நேரம் முன்மொழிதல் – தொடர்பாக.

ஐயா, தங்கள் வீட்டைப் பார்வையிடக் கீழ்க்கண்ட நேரங்களை முன்மொழிகிறேன். அ) 7ஆம் தேதி சனி, காலை 11.00 – 11.45. ஆ) 8ஆம் தேதி ஞாயிறு, காலை 10.00 – 10.45. இ) 10ஆம் தேதி செவ்வாய், மாலை 5.00 – 5.45. இவற்றில் தங்களுக்கு வசதியான ஒன்றையோ, ஒத்துவராவிட்டால் வேறு இரண்டு நேரங்களையோ தெரிவிக்கவும். எங்கள் தரப்பில் நானும் என் மனைவியும் வருவோம். தங்கள் தரப்பில் யார் யார் உடனிருப்பார்கள், சாவி யாரிடம் உள்ளது என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

நகல்: திரு. ராஜாராம், திருமதி சங்கரி – தகவலுக்காக."

படித்துப் பார்த்தார். ஒரு குறை இல்லை. உண்மையிலேயே இல்லை. வீடு பார்க்கப் போகிறவன் எழுத வேண்டியதெல்லாம் அதில் இருந்தது: நாள், நேரம், எவ்வளவு நேரம், மாற்று வழி, வருகிறவர், இருக்கிறவர், சாவி. ஊரில் எல்லோரும் இப்படி எழுதினால் எத்தனை பேர் பூட்டிய வீட்டு வாசலில் நின்று திரும்பிப் போவது மிச்சமாகும்!

"என்னங்க எழுதினீங்க?" என்றாள் தெய்வநாயகி.

"நேரம் கேட்டிருக்கேன்."

"எப்ப வேணும்னாலும் வரலாம்னு சொன்னாராமே?"

"அது வாய்மொழி."

அவள் மறுபடி முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

முதலில் வந்தது முட்டுக்காட்டுப் போன். பின்னணியில் மோட்டார் படகு இரைந்தது.

"யாரு சார் நீங்க? இன்னாது இது, நகல், தகவலுக்காகன்னு? எங்க அண்ணாத்த வூட்ட வாடகைக்கு வுடறாரா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"இப்பதான் தெரிஞ்சிகினேன். உங்களாலதான். ரொம்ப தேங்க்ஸ் சார். நீங்க நல்லா இருக்கணும்." படகில் யாரோ சிரித்தார்கள். "யாரு உடனிருப்பாங்கன்னு கேட்டீங்கள்ல? நான் இருப்பேன். நான் இல்லாம ஒரு ஈ உள்ள போவாது."

அடுத்தது மறைமலைநகர். சங்கரி மிக மெதுவாகப் பேசினாள். மெதுவாகப் பேசுகிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

"சார், எங்க அண்ணன் இருப்பாரா?"

"அவர்கிட்டயும்தான் கேட்டிருக்கேம்மா."

"அண்ணன் இருந்தா நானும் இருப்பேன். தம்பி இருந்தாலும் இருப்பேன். ரெண்டு பேரும் இல்லன்னாதான் நான் இல்ல."

"ரெண்டு பேரும் இல்லன்னா யாரும்மா திறக்கறது?"

"அதான் சார், நானும் இருப்பேன்."

கடைசியாக மதுராந்தகத்திலிருந்து சடையப்பன். அவர் கோபமாகப் பேசவில்லை. குழந்தை கிணற்றில் விழுந்துவிட்டதென்று செய்தி கேட்டவர் போலப் பேசினார்.

"சார், உங்கள நான் வாங்கன்னுதானே சொன்னேன்? வந்தா காபி வாங்கிக் குடுத்து, வூட்டக் காட்டி, சாவிய கையில குடுத்து அனுப்பியிருப்பேன். ரெண்டு வருசமா அந்த ரெண்டு பேரும் அந்த வூட்ட மறந்துட்டு இருந்தாங்க. ஞாபகமே இல்லாம கெடந்தாங்க. நீங்க எதுக்கு சார் எழுப்பி வுட்டீங்க?"

"கூட்டு வாரிசுங்கறப்போ மூணு பேர் சம்மதமும்..."

"சம்மதம் நான் வாங்கியிருப்பேனே சார், அப்புறமா. ஒரு வருசம் கழிச்சி."

அன்று சாயங்காலமே ராஜாராம் பஸ் ஏறிச் செங்கல்பட்டு வந்து, அண்ணன் போட்ட பூட்டுக்குப் பக்கத்தில் தன் பூட்டைத் தொங்கவிட்டான். படகு கட்டும் சங்கிலியோடு சேர்த்துப் போடுகிற பூட்டு, பப்பாளி அளவு. மறுநாள் சங்கரி ஷிப்ட் முடிந்து மின்சார ரயிலில் வந்து தன் பூட்டைப் போட்டாள். அது சின்னதுதான், சூட்கேஸ் பூட்டு, ஆனால் பூட்டு. முனிசாமி போய்ப் பார்த்து போட்டோ எடுத்து அனுப்பினான். ஒரு நாதாங்கி, மூன்று பூட்டு. கீழே, 'சார் சந்தோசமா?' என்று எழுதியிருந்தான்.

பாலசுப்ரமணியன் தளரவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் இதைவிடப் பெரிய முடிச்செல்லாம் அவர் அவிழ்த்திருக்கிறார் என்று அவர் நம்பினார். மூன்று பேரையும் சேர்த்து 'வீடு பார்வையிடல்' என்று ஒரு வாட்ஸப் குழு தொடங்கினார். மூவருக்கும் எந்தெந்த நேரம் ஓய்வு என்று தனித்தனியாகக் கேட்டு, கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு வண்ணம் தீட்டினார்.

ராஜாராமுக்கு சனி ஞாயிறு ஆகாது. அப்போதுதான் படகுக்குக் கூட்டம். அவனுக்கு விடுமுறை செவ்வாய்.

செவ்வாய்க்கிழமை சடையப்பனுக்கு ஆகாது. "செவ்வாய்ல வூட்டு விசயம் பேசினா வாய்ல புண்ணு வரும் சார், எங்க குடும்பத்துல வந்துகீது" என்றார். திங்களும் புதனும் காலையில் நெல் லாரி ஏற்றுகிறார்.

சங்கரிக்கு மூன்று ஷிப்ட். காலை ஆறிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து இரவு பத்து, பத்திலிருந்து காலை ஆறு. வாரத்துக்கு வாரம் மாறும். மத்தியான ஷிப்ட் வாரத்தில் மட்டும் காலையில் வரமுடியும். ஒரு மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

ஆக மிஞ்சியது வியாழன், வெள்ளி. சடையப்பன் பஞ்சாங்கத்தைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம். போனது. வியாழக்கிழமை ஆறிலிருந்து ஏழரை எமகண்டம், ஒன்பதிலிருந்து பத்தரை குளிகை.

"குளிகையில் நல்ல காரியம் செய்யலாமே?" என்று பாலசுப்ரமணியன் எழுதினார்.

சடையப்பன் குரல் பதிவாகவே அனுப்பினார். "சார், குளிகையில எது செஞ்சாலும் அது திரும்பத் திரும்ப நடக்கும். நகை வாங்கு, திரும்ப வாங்குவ. வூட்ட காட்டினா? திரும்பத் திரும்பக் காட்டிக்கினேதான் கெடக்கணும். ஒருத்தனும் தங்க மாட்டான்."

இதற்குப் பதில் சொல்ல ஆபீஸ் விதிகளில் ஒன்றும் இல்லை.

வியாழன் பத்தரைக்கு மேல்தான். முட்டுக்காட்டிலிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக ராஜாராம் வந்து சேரவே பத்து முப்பத்தைந்து ஆகும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்தால் பத்து முப்பத்தெட்டு. பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை, காலை 10.38 முதல் 11.30. மூவரும் கட்டைவிரல் காட்டினார்கள். முந்தின நாள் மறுபடி கேட்டு உறுதிசெய்துகொண்டார். அதற்கும் மூன்று கட்டைவிரல்.

பன்னிரண்டாம் தேதி பாலசுப்ரமணியனும் தெய்வநாயகியும் வாடகைக் கார் வைத்துக்கொண்டு பத்தே காலுக்கே போய்விட்டார்கள். சடையப்பன் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, துண்டில் உமி. சங்கரி வந்தாள். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேரும் அவரவர் பூட்டைத் திறந்தார்கள். பப்பாளிப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு ராஜாராம் போன் செய்தான். "சார், மன்னிச்சிக்கோங்க. ஒரு போட்டு பழுதாயி நடுத்தண்ணில நின்னுபோச்சு. அதுல ஒரு கல்யாணப் பொண்ணு போட்டோ எடுத்துகினு இருந்துச்சு. இழுத்துகினு வர்றதுக்குள்ள முகூர்த்தமே தாண்டிப்போச்சு."

"நீங்க வராட்டி பரவாயில்ல. சாவியை யார்கிட்டயாவது குடுத்து விட்டிருக்கலாமே?"

"யாருகிட்ட?"

பாலசுப்ரமணியன் யோசித்தார். அவனுக்கு நம்பிக்கையான ஆள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டால், அவனுக்கும் தெரியாது போலிருந்தது.

சடையப்பன் தன் பூட்டைத் திரும்பப் போட்டார். சங்கரி தன் பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, அண்ணன் பூட்டையும் ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது தெய்வநாயகி காரில் சொன்னாள். "அந்த வாசப்படி நிஜமாவே பாதிதாங்க. காலைத் தூக்கக்கூட வேண்டாம், இழுத்தாலே போதும்." பாலசுப்ரமணியனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். அன்றிரவே முனிசாமிக்கு எழுதினார்: வேறு வீடு பார்க்க வேண்டாம், இதுதான்.

அடுத்த வாரம் சங்கரிக்கு இரவு ஷிப்ட். தூங்காமல் வந்து நிற்க முடியாது என்றாள். நிற்காவிட்டாலும் வேறு யாரும் நிற்கக் கூடாது என்றாள். எனவே இருபத்தாறாம் தேதி வியாழன். அது காலை ஷிப்ட் வாரம், ஆனால் லீவு போட்டுவிட்டு வருவதாக ஒப்புக்கொண்டாள். சடையப்பன் பஞ்சாங்கத்தை மறுபடி திறந்தார். அன்று பதினொரு மணிக்கு அவருக்குச் சந்திராஷ்டமம் தொடங்குகிறது. அதற்கப்புறம் இரண்டேகால் நாளைக்கு அவர் யாரிடமும் எதற்கும் சரி என்று சொல்லமாட்டார்.

ஆக, 10.38 முதல் 11.00 வரை. இருபத்திரண்டு நிமிடம். மார்ச் மாதம் முழுவதிலும், முப்பத்தொரு நாளிலும், ஒரு மனுசனும் ஒரு மனுசியும் ஒரு வீட்டைப் பார்க்க மிச்சமிருந்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் ஐந்தாவது நாள் குவார்ட்டர்ஸ் சாவி.

பாலசுப்ரமணியன் அந்த இருபத்திரண்டு நிமிடத்தைப் பங்கு பிரித்தார். கூடம் நான்கு நிமிடம், அறைகள் ஆறு, சமையலறை மூன்று, குளியலறை வழுக்குமா என்று பார்க்க ஐந்து, பேச்சு நான்கு. பிறகு, எந்தக் குழப்பமும் வேண்டாம் என்று, யார் யார் உடனிருந்தார்கள் என்பதற்கு ஒரு வருகைப் பதிவுத் தாள் அச்செடுத்துக்கொண்டார். வரிசை எண், பெயர், வந்த நேரம், கையொப்பம்.

இருபத்தாறாம் தேதி எல்லோரும் வந்தார்கள். இதைச் சத்தியத்தில் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்: எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். ராஜாராம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடிவந்து பத்து முப்பத்தேழுக்கே மூச்சிரைத்து நின்றான். முனிசாமிகூட வந்து, கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றான். தெய்வநாயகி காரிலிருந்து இறங்கி, கைத்தடியை ஊன்றி, அந்தப் பாதிப் படிக்கு முன்னால் தயாராக நின்றாள்.

மூன்று சாவியும் வெளியே வந்தன. பாலசுப்ரமணியன் பேனாவைத் திறந்து தாளை நீட்டினார்.

"ஒரே ஒரு கையெழுத்துங்க. திறந்துடலாம்."

சடையப்பன் வாங்கிப் போட்டார். ராஜாராம் வாங்கிப் போட்டான். சங்கரி வாங்கினாள், படித்தாள், போடவில்லை.

"ஏன் சார், எனக்கு மூணாம் நம்பர் போட்டிருக்கீங்க?"

"அது வெறும் வரிசை எண்மா."

"நான் ராஜாராமுக்கு ரெண்டு வருசம் மூத்தவ. அவன தூக்கி வெச்சவளே நான்தான். அவன் ரெண்டு, நான் மூணா? பொம்பளன்னா கடைசியா?"

"அக்கா, இன்னாக்கா இது, நம்பர்ல இன்னா கீது? கையெழுத்தப் போடு, நேரம் ஓடுது."

"உனக்கு ஒண்ணுமில்லடா, ரெண்டு போட்டுட்டாங்க இல்ல உனக்கு."

பாலசுப்ரமணியன் சட்டென்று மூன்றை அடித்து இரண்டாக்கி, இரண்டை அடித்து மூன்றாக்கினார். அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் தன் சுருக்கொப்பமும் இட்டார். மணி பத்து நாற்பத்தைந்து.

"இரு இரு" என்றான் ராஜாராம். "நான் கையெழுத்துப் போட்டப்ப ரெண்டுலதான் போட்டேன். போட்டப்புறம் மூணாக்கினா அது செல்லுமா? நாளைக்குப் பத்திரத்துலயும் இப்படித்தான் பண்ணுவீங்களா, அண்ணாத்த?"

"என்ன ஏன்டா கேக்கற? அவரக் கேளு. அவருதான் பேஜாரு புடிச்ச பேப்பரத் தூக்கிகினு வந்துகீறாரு."

"சொல்லிக் குடுத்தது நீதானே?"

"நானா? டேய், இந்தாளு மூஞ்சிய நான் பாக்கறதே ரெண்டாவது தபா!"

பாலசுப்ரமணியன் தாளைக் கிழித்தார். இரண்டாகக் கிழித்து, நான்காகக் கிழித்து, பையில் போட்டுக்கொண்டார். அவர் வாழ்க்கையில் கையெழுத்திட்ட தாளைக் கிழித்தது அதுதான் முதல் முறை. "பதிவு வேண்டாம். ஒண்ணும் வேண்டாம். தயவுசெஞ்சு திறங்க" என்றார்.

மணி பத்து ஐம்பத்திரண்டு.

இப்போது யார் முதலில் திறப்பது என்று வந்தது. மூத்தவர் முதலில் திறப்பதுதான் முறை என்றார் சடையப்பன். கடைசியாகப் பூட்டியவர்தான் முதலில் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே இருக்கிற பூட்டு இடிக்கும் என்றாள் சங்கரி. கம்பெனியில் அப்படித்தான் கழற்றுவார்களாம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் திறந்துவிடலாம் என்றான் முனிசாமி. நல்ல யோசனைதான். ஆறு கை ஒரு நாதாங்கிக்குள் போனது. சூட்கேஸ் பூட்டின் சின்னச் சாவி சடையப்பன் கைக்கும் பப்பாளிப் பூட்டுக்கும் நடுவில் மாட்டி, வளைந்து, உள்ளேயே முறிந்தது.

தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று.

"உடைச்சிடலாம்" என்றார் பாலசுப்ரமணியன். "சின்னப் பூட்டுதானே. கல்லால ஒரு தட்டு. புதுப் பூட்டு நான் வாங்கித் தர்றேன்மா."

"என் பூட்ட உடைக்கறதா?" சங்கரி இன்னும் மெதுவாகப் பேசினாள். "அண்ணன் பூட்டு முழுசா இருக்கும், தம்பி பூட்டு முழுசா இருக்கும், என்னுது மட்டும் உடையணுமா? அப்ப மூணையும் உடைங்க."

"ஏம்மா, எங்க பூட்டுதான் சாவி போட்டா தெறக்குதே!" என்றார் சடையப்பன்.

"தெறக்கட்டும். உடைங்க."

மணி பதினொன்று. சடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் முகம் மாறிவிட்டது. சந்திரன் எட்டாம் இடத்துக்குப் போனதை அந்தத் தெருவில் இருந்த எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

"இனிமே நான் பேசமாட்டேன். ஏப்ரல் ரெண்டு, வியாழக்கிழமை. வேணும்னா வாங்க" என்று சொல்லி நடந்தார்.

"முப்பத்தொண்ணாம் தேதி எங்க குவார்ட்டர்ஸ்..." என்று பாலசுப்ரமணியன் பின்னாலேயே போனார். பத்தடி போனார். எழுத்தில் சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பாரோ என்று தோன்றியது. பிறகு அப்படியும் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது தெய்வநாயகி இன்னும் அந்தப் பாதிப் படிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலை இழுத்து அதன்மேல் வைத்தாள். இன்னொரு காலையும் இழுத்து வைத்தாள். பூட்டிய கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஏறிட்டேங்க" என்றாள். "வலிக்கவே இல்ல."

பிறகு இறங்கினாள்.

மறைமலைநகரில் ஒரு வீடு சனிக்கிழமை கிடைத்தது. இரண்டாவது மாடி, லிப்ட் இல்லை. பாலசுப்ரமணியன் வழக்கம்போல நேரம் கேட்டு, யார் உடனிருப்பார்கள் என்று கேட்டு எழுத உட்கார்ந்தார். எழுதுவதற்குள் அந்த ஓனரே போன் செய்தார். "நான் கோயம்புத்தூர்ல இருக்கேங்க. யாரும் இருக்க மாட்டாங்க. சாவி செருப்பு ஸ்டாண்டுல இருக்கு. பார்த்துட்டு அங்கயே வெச்சிடுங்க, புடிச்சிருந்தா வெக்காதீங்க." அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் வீடு பார்த்து முடிந்தது. படி எண்ணுவதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று: முப்பத்தாறு.

முப்பத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்குக் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டார். மத்தியானம் தெய்வநாயகி முப்பத்தாறு படி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் நின்றாள். பதினெட்டாவது படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். மேலே போய்ச் சேர்ந்ததும் ஜன்னலைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போடச் சொன்னாள். இறங்குவதைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கீழே கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். அதில் ஒன்றில் மத்தியானம் ஒரு மணிக்குச் சங்கரி போவாளாக இருக்கும்.

'வீடு பார்வையிடல்' குழு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரா வாரம் ஒரு வியாழக்கிழமையை யாராவது ஒருவர் முன்மொழிகிறார். யார் யார் உடனிருப்பார்கள் என்று மற்ற இருவரும் கேட்கிறார்கள். பாலசுப்ரமணியன் குழுவை விட்டு விலகவில்லை. தொடங்கியவர் விலகினால் பொறுப்பு யாரிடம் போகும் என்பது அவருக்குத் தெளிவாகவில்லை. சாயங்காலங்களில் அதைப் படித்து மனைவிக்குச் சொல்கிறார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்கிறாள்.

அந்தச் செங்கல்பட்டு வீட்டின் பின்சுவர் போன ஐப்பசி மழையிலேயே முழுசாக விழுந்துவிட்டது. பின்தெரு ஆட்டோ டிரைவர்கள் அன்றிலிருந்து தினமும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் கேரம் ஆடுகிறார்கள்.